பாரிசில் ஓர் ஊசல்: முதலில் பார், அப்புறம் கேள்

பாரிசின் ஆர்ட்ஸ் எ மெதியே அருங்காட்சியகத்தில் கடைசிக் கூடம் ஒரு பழைய தேவாலயம். விமானம், கார்களெல்லாம் நிற்கும் அந்தக் கூடத்தில்தான் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோவின் ஊசலும் ஆடுகிறது. அண்ணன் மகளின் காதில் சிறுவர்களுக்கான ஆடியோ வழிகாட்டி. எனக்கும் இயர்போனின் ஒரு பக்கத்தைக் கொடுத்திருந்தாள்.

ஊசல் வந்ததும் அந்தக் குரல் கதை எதுவும் சொல்லவில்லை. ஊசல் எந்தத் திசையில் போய் வருகிறது, அதற்கு நேராக எதிரில் என்ன இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னது. சுற்றிலும் சின்ன உலோகக் கட்டைகள் நிற்கின்றன, அடுத்து எது விழும் என்று கேட்டது. பிறகு, "வேறு பொருள்களைப் பார்த்துவிட்டு வா" என்று அனுப்பிவிட்டது. பிள்ளைகளைப் போகச் சொல்லும் வழிகாட்டி எனக்குப் பிடித்திருந்தது. அரை மணி நேரமாவது கழித்துத்தான் திரும்ப வேண்டும். பாரிசில் ஊசல் போய்வரும் கோடு மணிக்குச் சுமார் 11 டிகிரிதான் திரும்பும், ஐந்து நிமிடத்தில் ஒரு டிகிரிகூட நகராது. ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 32 மணி நேரம் ஆகும்.

திரும்பி வந்தபோது கோடு விலகியிருந்தது. இப்போதுதான் அடுத்த கேள்வி: திரும்பியது ஊசலா, தரையா?

அதற்கான சோதனையை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செய்தோம். நூலில் சாவியைக் கட்டி மரத்தை நோக்கி ஆட்டிவிட்டு, நூலைப் பிடித்தபடியே அவளை மெல்லச் சுற்றச் சொன்னேன். அவள் திரும்பினாள், சாவி மரத்தை நோக்கியே ஆடியது. அப்படியானால் உள்ளே திரும்பியதும் ஊசல் இல்லை, பூமியோடு சேர்ந்து தரைதான். விடும்போது பக்கவாட்டில் கை பட்டால் போச்சு, சாவி முட்டை வடிவத்தில் சுற்றத் தொடங்கிவிடும். ஃபூக்கோவுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. 1851இல் பாரிசின் பாந்தியோன் கட்டடத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டபோது, குண்டை ஓரமாக இழுத்து நூலால் கட்டி, அந்த நூலை எரித்தே விடுவித்தார்கள். யார் கையும் தள்ளவில்லை.

"பூமி 24 மணி நேரத்துல சுத்துதுன்னா இதுக்கு ஏன் 32 மணி நேரம், அத்தை?"

நல்ல கேள்வி. துருவத்தில் நின்றால் காலடித் தரை ஒரு நாளில் முழுவதும் திரும்பிவிடும். நிலநடுக்கோட்டில் தரை நம்மைத் தூக்கிக்கொண்டு ஓடுமே தவிர, நம் காலடியில் பம்பரம்போலத் திரும்பாது. அங்கே ஊசலின் கோடு மாறவே மாறாது. பாரிஸ் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சென்னை நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் மணிக்கு மூன்றரை டிகிரிக்கும் குறைவுதான், ஒரு சுற்று முடிய நாலு நாளுக்கு மேல் ஆகும்.

"அப்போ சிட்னியில?"

அங்கே எதிர்ப்பக்கம் திரும்பும் என்றேன். நம்பவில்லை, மறுபடியும் சாவியை எடுத்தாள்.