தூங்கட்டும் என்று சொன்னேன்

குடிபோதையில் அவசரப் பிரிவுக்கு வந்த அந்தத் தம்பியைப் பக்கவாட்டில் படுக்க வைத்தது நான்தான். சர்க்கரை பார்த்ததும் நான்தான், 92 இருந்தது. தலையில் அடி எதுவும் இல்லை என்று டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டுப் போனார். இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனாலும் மனம் அந்த ஒரு பேச்சுக்கே திரும்பிப் போகிறது.

கூட வந்த நண்பன் அவன் தோளை உலுக்கிக்கொண்டே இருந்தான். கண் மூடினால் கன்னத்தில் தட்டினான். "சிஸ்டர், தூங்க விடலாமா?" என்று கேட்டான். "தூங்கட்டும் தம்பி, தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்" என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான்.

வந்தபோது தம்பி பேசினான், பெயர் சொன்னான். நாக்குக் குழறியது. "என் போன் எங்க?" என்றான். "உங்க பாக்கெட்ல இருக்கு" என்றேன். ஒரு நிமிஷம் கழித்து அதே கேள்வி. மூன்றாம் முறையும் அதே கேள்வி, அதே குரலில். போதைப் பேச்சு என்று கடந்து போனேன். நான் சொன்ன பதில் அவன் மூளையில் பதியவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் அப்போதே வேலையை நிறுத்தியிருந்தது. அந்த நிலையில் ஒருவர் நடப்பார், பதில் சொல்வார், பார்ப்பவருக்கு விழித்திருப்பதாகவே தெரியும்.

நண்பன் சொன்னதை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாமே அதில் இருந்தது. முதல் ஒரு மணி நேரம் தம்பி மனம்விட்டுப் பேசினானாம். 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது வரையிலும் அப்படித்தான். மது மூளையை அமைதிப்படுத்தும் காபா சமிக்ஞையைக் கூட்டும், தூண்டிவிடும் குளூட்டமேட்டைக் குறைக்கும். அது முதலில் தெரிவது நெற்றிக்குப் பின்னால் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியில். அதனால்தான் கூச்சம் போய்க் கலகலப்பு வருகிறது. 100, 150 என்று ஏறும்போது சிறுமூளை தடுமாறும், நடை கோணும், பேச்சு குழறும். 300-ஐத் தாண்டினால் உணர்வு மங்கும். அதற்கும் மேலே போனால் மூச்சை நடத்தும் மூளைத்தண்டே ஓய்ந்துவிடும். மது செய்வது அதே வேலைதான், போய்ச் சேரும் இடம்தான் ஆழமாகிறது.

நான் கேட்காமல் விட்டது ஒரே கேள்வி: "கடைசியா எப்ப குடிச்சான்?" நாலு மணி நேரத்தில் சுமார் 300 மில்லி, 40 சதவீத மது. பிறகு கிளம்பும்போது பந்தயம் கட்டி இன்னும் 200 மில்லியை ஒரே மூச்சில் குடித்திருக்கிறான். அது நடந்து கால் மணி நேரத்தில் எங்களிடம் வந்துவிட்டான். 60 கிலோ உடம்புக்கு அந்தக் கடைசி 200 மில்லி மட்டும் அந்த இரத்த அளவில் ஏறத்தாழ 150 புள்ளிகளைக் கூட்டும். பெரும்பகுதி இன்னும் இரைப்பையில்தான் இருந்திருக்கும். நான் பார்த்தது ஏறிக்கொண்டிருக்கும் போதையை. இறங்கும் போதை என்று நினைத்துவிட்டேன். தூங்கத் தூங்கத் தெளியும் என்பது உச்சம் கடந்த பிறகுதான் சரி. அப்போதும் மணிக்கு 15, 20 புள்ளிதான் இறங்கும்.

நாற்பது நிமிஷம் கழித்து அந்தப் பக்கமாகப் போனேன். கரகரவென்று குறட்டை, பிறகு ஒன்றுமில்லை. நின்று எண்ணினேன், நிமிஷத்துக்கு ஏழு மூச்சு. மானிட்டரில் ஆக்சிஜன் 98 காட்டியது. ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்ததால் மூச்சு குறைந்தும் அந்த எண் இறங்கவில்லை. மார்பெலும்பில் அழுத்தித் தேய்த்தும் கண் திறக்கவில்லை. மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். அப்போது எடுத்த இரத்தத்தில் 315.

அதே இரவு அடுத்த கட்டிலில் தினமும் குடிக்கும் பெரியவர் ஒருவர். அவருக்கு 300-க்கும் மேல், ஆனால் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பழகிய மூளை அப்படித் தாங்கும். அவரைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ என்று தோன்றுகிறது. கட்டில் நிறைந்த இரவு, யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்றும் தோன்றுகிறது. ஆனால் அந்த நண்பன் சொல்லியிருக்க மாட்டான். ஒன்றும் தெரியாமலே அவன் உலுக்கிக்கொண்டிருந்தான். உலுக்கியதால் போதை குறையப் போவதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் எழாமல் போகும் அந்த நொடியில் அவன் என்னைக் கூப்பிட்டிருப்பான்.

மறுநாள் மாலை குழாயை எடுத்த பிறகு தம்பி கேட்டான்: "நான் உங்ககிட்ட ஏதாவது பேசினேனா சிஸ்டர்?"

"போனைக் கேட்டீங்க" என்றேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாக்கெட்ல இருக்குன்னு சொன்னேன்."

நண்பன் பக்கத்தில்தான் நின்றான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.