நுவரெலியாவின் கல்யாண வயதைத் தேடிப் போன கதை

மலையக இளைஞர்களோடு வேலை செய்கிற ஒரு சின்ன அமைப்பில் இருக்கிறேன். போன வருஷம் ஓர் அறிக்கைக்காக இணைப்பாளர் அண்ணா என்னிடம் ஒரே ஒரு வரி கேட்டார். "நுவரெலியா மாவட்டத்தில பொம்பளப் பிள்ளைகள் சராசரியா எத்தனை வயசில கல்யாணம் கட்டுறாங்க? குடிசன மதிப்பிலிருந்து எடுத்துப் போடு." அரை நாள் வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் போனது. அதற்குள் இரண்டு தடவை பிழையான பதிலைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டும் விட்டேன்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் அட்டவணைகளில் 'சராசரி கல்யாண வயது' என்று ஒரு கட்டத்தைத்தான் முதலில் தேடினேன். எனக்குக் கிடைத்த அட்டவணை வேறு மாதிரி. ஐந்தைந்து வருஷமாகப் பிரித்த வயது, ஆண் பெண், அப்புறம் விவாக நிலை: விவாகமாகாதவர், பதிவுத் திருமணம் செய்தவர், வழக்காற்றுத் திருமணம் செய்தவர், துணையை இழந்தவர், விவாகரத்தானவர், பிரிந்து வாழ்பவர். எத்தனை வயதில் கட்டினார்கள் என்ற பேச்சே அதில் இல்லை.

பதிவு, வழக்காறு என்று இரண்டு நிரல் ஏன் என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2012 கணக்கெடுப்பு நடந்தபோது நாங்கள் லயத்தில் இருந்தோம். கணக்கெடுக்க வந்தவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து, விவாகம் பதிவு செய்ததா என்று அம்மாவைக் கேட்டார். "தாலி கட்டினது கோயில்ல. எழுத்து வச்சது மூத்தவன ஸ்கூல்ல சேர்க்கும்போதுதான்" என்றார் அம்மா. அப்போது பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவாகமானவர்களா என்று ஒரு கூடு இருந்ததே, அதற்காக ஓடிப்போய் வைத்த எழுத்து அது. வந்தவர் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை, சொன்னதை எழுதிக்கொண்டு போனார். அம்மாவிடம் "எத்தனை வயதில் கல்யாணம்?" என்று கேட்டிருந்தால் இரண்டு பதில் வந்திருக்கும், ஏழு வருஷ வித்தியாசத்தில்.

சரி, அட்டவணையில் வயது இல்லாவிட்டால் நாமே கேட்டுவிடலாம் என்று, எங்கள் குழுக்களில் இருந்த கல்யாணமான அக்காமாரிடம் கேட்டுக் கூட்டி வகுத்தேன். விடை மிகவும் குறைவாக வந்தது. அறிக்கைக்கு நல்ல சூடான எண் என்று உள்ளூரச் சந்தோஷம். இதுதான் முதல் பிழை.

அதைப் பிடித்துக் காட்டியவர், ஹட்டனில் எனக்கு ஏ.எல்லுக்குக் கணிதம் படிப்பித்த சேர். "உங்க பெரியம்மா வீட்டில எத்தனை பொம்பளப் பிள்ளைகள்?" என்று கேட்டார். ஐந்து பேர். மூன்று பேர் 18, 19, 20 வயதில் கட்டிப் போனார்கள். மற்ற இரண்டு பேருக்கு 24, 26, இன்னும் ஆகவில்லை. "கல்யாணமானவங்கள மட்டும் கேட்டா சராசரி 19. அந்த ரெண்டு பிள்ளைகளும் எங்க போனாங்க?" என்றார். பிந்திக் கட்டப் போகிறவர்கள் கணக்குக்குள் வரவே இல்லை. கேட்கப்படுகிறவர்கள் எவ்வளவு இளையவர்களோ அவ்வளவுக்கு இந்தச் சராசரி கீழே இழுபடும்.

அப்புறம்தான் அந்த அட்டவணையை எப்படிப் படிப்பது என்று சேர் சொல்லித் தந்தார். 1953இல் ஜான் ஹஜ்னல் என்பவர் சொன்ன வழி அது. ஆங்கிலச் சுருக்கத்தில் எஸ்.எம்.ஏ.எம். என்பார்கள். யாரிடமும் கல்யாண வயதைக் கேட்க வேண்டாம். ஒவ்வொரு வயதுக் கூட்டத்திலும் இன்னும் கட்டாதவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று தெரிந்தால் போதும். ஒருத்தி சராசரியாக எத்தனை வருஷம் கல்யாணமாகாமல் வாழ்கிறாள் என்பதை அதிலிருந்தே எடுத்துவிடலாம்.

அவர் பழைய மொனிட்டர்ஸ் கொப்பி ஒன்றில் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கே தருகிறேன். எண்கள் கணக்குக்காக அவராக வைத்துக்கொண்டவை, எந்த மாவட்டத்தினுடையதும் இல்லை. நூறு பெண்களில் கல்யாணமாகாதவர்கள்: 15–19 வயதில் 90, 20–24இல் 50, 25–29இல் 22, 30–34இல் 11, 35–39இல் 7, 40–44இல் 6, 45–49இல் 5, 50–54இலும் 5.

முதல் 15 வருஷம் எல்லாரும் கன்னிதான். நூறு பேருக்கு 1500 வருஷம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் கட்டாதவர்கள் ஐந்தைந்து வருஷம் அப்படியே இருக்கிறார்கள் என்று வைத்து, 15 முதல் 49 வரையான ஏழு எண்களையும் கூட்டினால் 191. ஐந்தால் பெருக்கினால் 955. மொத்தம் 2455 வருஷம். இதில் 50 வயது வரை கட்டவே கட்டாத 5 பேரின் வருஷங்களும் கலந்திருக்கின்றன. ஐந்து பேருக்கு ஐம்பது ஐம்பதாக 250ஐக் கழித்தால் 2205. கட்டியவர்கள் 95 பேர். 2205ஐ 95ஆல் வகுத்தால் 23.2 வயது. அவ்வளவுதான்.

எக்செலில் 15–19 முதல் 50–54 வரையான விகிதங்களை (90 என்பதை 0.90 என்று) B2 முதல் B9 வரை இட்டால் இரண்டு வரியில் முடிந்துவிடும்:

```
B10: =AVERAGE(B8:B9)
B11: =(15+5*SUM(B2:B8)-50*B10)/(1-B10)
```

வீட்டுக்கு வந்து உற்சாகமாக மாவட்ட அட்டவணையில் இதைப் போட்டேன். இங்கேதான் இரண்டாவது பிழை. விவாகமானவர்களின் இரண்டு நிரலையும் கூட்டி, மொத்தத்திலிருந்து கழித்து, மிச்சமெல்லாம் கட்டாதவர்கள் என்று எடுத்துக்கொண்டேன். அந்த மிச்சத்துக்குள் புருஷனை இழந்தவர்களும் பிரிந்தவர்களும் விவாகரத்தானவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் ஒரு தடவை கட்டியவர்கள். முதல் கல்யாணத்தைப் பற்றிய கணக்கில் அவர்கள் கட்டியவர்கள் பக்கம்தான் நிற்க வேண்டும். இதற்கு வேண்டியது விவாகமாகாதவர் என்ற ஒரே நிரல். வேறு ஒன்றையும் தொடக் கூடாது.

இந்தப் பிழை எவ்வளவு தூரம் இழுக்கும் என்று சேரின் அதே நூறு பேரை வைத்துப் பார்த்தேன். கட்டாதவர்களோடு விதவைகளையும் பிரிந்தவர்களையும் சேர்த்தால் நிரல் 90, 51, 24, 14, 11, 14, 18, 22 என்று ஆகிறது என்று வையுங்கள். கூட்டுத்தொகை கூடுகிறது, அதனால் வயதும் கூடும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. 50 வயதில் 'கட்டாதவர்கள்' 20 பேர் என்று வருவதால் 1000 வருஷத்தைக் கழிக்க வேண்டியதாகிறது. 2610 கழித்தல் 1000, அதை 80ஆல் வகுத்தால் 20.1. உண்மையான விடையை விட மூன்று வருஷம் குறைவு! விடையை மட்டும் பார்த்தால் பிழை தெரியவே தெரியாது, தோட்டப்புறத்தைப் பற்றி ஏற்கெனவே இப்படி நினைப்பவர்கள் உடனே நம்பியும் விடுவார்கள். நிரலைப் பார்த்தால்தான் தெரியும். 11க்கு இறங்கிய எண் மறுபடி 14, 18, 22 என்று ஏறுகிறது. கட்டிய ஒருத்தி மறுபடி கட்டாதவளாக முடியாதே. வயது ஏற ஏற அந்த எண் இறங்க வேண்டும், அல்லது நிற்க வேண்டும். தெளிவாக ஏறினால் நிரலை மாற்றி எடுத்திருக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும். இப்போது யார் அட்டவணை தந்தாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நிரலைத் திருத்திய பிறகு வந்த விடையை எடுத்துக்கொண்டு மறுபடி சேரிடம் போனேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டே அவர் கேட்டது ஒரு கேள்விதான். "உங்க லயத்தில 22 வயசுப் பிள்ளைகள் இப்ப எத்தனை பேர் இருக்காங்க?" யோசித்தேன். ஒருத்தி கொழும்பில் துணிக்கடை, இரண்டு பேர் கட்டுநாயக்கா பக்கம் கார்மென்ட்ஸ், ஒருத்தி குவைத். வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் கட்டிக் கைக்குழந்தையோடு இருப்பவர்கள்.

2012இல் ஆட்களை எண்ணியது வழமையான வதிவிடத்தை வைத்து. கொழும்பில் தங்கி வேலை செய்கிற பிள்ளை கொழும்பின் அட்டவணைக்குப் போய்விடுவாள். போகிறவர்களில் அதிகம் கட்டாதவர்கள் என்றால், மாவட்டத்தில் மிஞ்சுபவர்களில் கட்டியவர்களின் பங்கு தானாக உயரும். சேரின் கணக்கிலேயே பாருங்கள். 20–24 வயதில் ஆயிரம் பேர், கட்டியவர்கள் 500, கட்டாதவர்கள் 500. கட்டாதவர்களில் 150 பேர் வெளியே போய்விட்டால் 850 பேரில் 350, அதாவது நூற்றுக்கு 41. ஐம்பதுக்குப் பதில் 41ஐ வைத்துக் கணக்குப் போட்டால் விடை 22.7. ஒருத்தியும் முந்திக் கட்டவில்லை. பஸ் ஏறியதற்கே மாவட்டத்தின் கல்யாண வயது கிட்டத்தட்ட அரை வருஷம் குறைந்துவிட்டது. கொழும்புப் பக்கம் அதே அளவு இல்லாவிட்டாலும் ஏதோ கொஞ்சம் கூடியிருக்கும்.

இது எங்கள் மாவட்டத்தில் நடந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. 2001 ஜூலையில் எண்ணிய 10–14 வயதுச் சிறுமிகள்தான் 2012 மார்ச்சில் 20–24ஐ ஒட்டி நிற்பவர்கள். இடையில் பத்து வருஷமும் எட்டு மாதமும் என்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சிறுமிகளின் தொகையையும் பின்னைய தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சாவு மட்டும் காரணமாக இருக்க முடியாத அளவு ஓட்டை விழுந்திருக்கிறதா என்று தெரியும். அந்த ஓட்டை கல்யாணம் கட்டி வேறு மாவட்டம் போனவர்களாலும் வரலாம் என்பதை மறக்கக் கூடாது. அது விடையை எதிர்ப்பக்கம் தள்ளும்.

இதே கணக்கை 2024க்கும் போடப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. 2012இல் எங்கள் மாவட்டத்தில் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள்தான்: நுவரெலியா, அம்பகமுவ, கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த. பிறகு அவற்றைப் பிரித்து நோர்வூட், தலவாக்கலை என்று புதியவை வந்தன. பழைய அம்பகமுவவையும் புதிய அம்பகமுவவையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால் பாதி ஊர்களே வேறு. மாவட்ட எண்ணோடு நிற்பது பாதுகாப்பு.

கடைசியில் அறிக்கை வேலை. அண்ணாவுக்கு உண்மையில் வேண்டியிருந்தது சராசரி இல்லை, சிறுவயதுக் கல்யாணம். 15–19 வரிசையில் கட்டியவர்களைக் காட்டி, "இதத்தான் போடுவமே" என்றார். பொதுச் சட்டத்தில் 1995 திருத்தத்துக்குப் பிறகு வயதெல்லை 18. அந்த வரிசையில் பதினாறு வயதில் கட்டிக் கொடுக்கப்பட்டவளும், பத்தொன்பதில் சட்டப்படி எழுத்து வைத்தவளும் ஒரே எண்ணுக்குள் நிற்கிறார்கள். அவர்களைப் பிரிக்க ஒற்றை ஒற்றை வயதாகப் போட்ட அட்டவணை வேண்டும். அது கையில் இல்லாமல் அப்படி எழுத மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். அப்புறம் அந்தப் பந்தியை எடுத்துவிட்டு, ஒற்றை வயது அட்டவணை கேட்டுக் கடிதம் எழுதச் சொன்னார். சராசரி மட்டும் அறிக்கையில் போனது, அதன் கீழே வெளியே போன பிள்ளைகளைப் பற்றி நான் எழுதிய மூன்று வரியோடு.