வடிகட்டி நிரம்பிப்போனால்

சர்வர்கள் எழுதித் தள்ளும் லாக் வரிகளைத் தேடித் தரும் அமைப்பு ஒன்றைப் பராமரிக்கும் குழுவில் இருந்தபோதுதான் ப்ளூம் வடிகட்டியின் அருமையும் அதன் முரண்டும் எனக்குப் பிடிபட்டன. வரிகளில் வரும் சொற்கள் மணிக்கு ஒரு இண்டெக்ஸ் கோப்பாகச் சேரும். மூடிய கோப்பை யாரும் மாற்றுவதில்லை. ஆயிரம் கோப்புகள் சேர்ந்திருக்கும் நிலையில் ஒருவர் ஒரு பரிவர்த்தனை எண்ணைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது இருப்பது ஒன்றிரண்டு கோப்புகளில்தான். ஆனால் எதில் என்று தெரியாததால் ஆயிரத்தையும் திறந்து பார்க்க வேண்டும்.

இந்த வீண் வேலையைத் தவிர்க்கும் வழியை பர்ட்டன் ப்ளூம் 1970-லேயே எழுதிவிட்டார். கோப்புக்கு ஒரு பிட் வரிசை. தொடக்கத்தில் எல்லாமே 0. கோப்பில் சேரும் ஒவ்வொரு சொல்லையும் ஏழு ஹாஷ் கணக்குகளில் விட்டு, கிடைக்கும் ஏழு இடங்களை 1 ஆக்குகிறோம். தேடும் சொல்லுக்கும் அதே ஏழு இடங்களைப் பார்க்கிறோம். ஒன்றாவது 0 என்றால் அந்தச் சொல் கோப்பில் இல்லவே இல்லை, திறக்காமல் தாண்டிவிடலாம். ஏழும் 1 என்றால் இருக்கலாம் என்று மட்டுமே பொருள், ஏனெனில் வேறு சொற்கள் சேர்ந்து அந்த இடங்களை 1 ஆக்கியிருக்கக்கூடும்.

சொல்லுக்குப் பத்து பிட் ஒதுக்கினால் இந்தப் பொய்யான 'இருக்கலாம்' சுமார் 0.8 சதவீதம்தான் வரும். கோப்புக்கு ஒரு லட்சம் சொற்கள் என்றால் வடிகட்டி 125 கிலோபைட். ஆயிரம் கோப்புகளுக்கும் சேர்த்து 125 மெகாபைட். நினைவகத்தில் தாராளமாக அடங்கும். ஒரு தேடலுக்கு வீணாகத் திறக்கப்படுபவை சராசரியாக எட்டுக் கோப்புகள்.

எங்கள் அமைப்பும் அப்படித்தான் ஓடியது. பிறகு தேடல் மெல்ல மெல்ல மந்தமானது. விடைகள் எல்லாம் சரியாகவே வந்தன, பிழைச் செய்தியும் இல்லை. வட்டிலிருந்து படிக்கும் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. பலரும் வட்டைத்தான் சந்தேகித்தார்கள். மூத்த சக ஊழியர் ஒருவர்தான் "வடிகட்டியில் எத்தனை ஒன்றுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்" என்றார். ஒழுங்காக அளவிட்ட வடிகட்டியில் ஏறக்குறைய பாதி பிட்டுகள் 1 ஆக இருக்கும். எங்களுடையதில் 88 சதவீதம்!

காரணம் எளிது. புதிதாக இணைந்த ஒரு சேவை ஒவ்வொரு வரியிலும் ஒரு தனி அடையாள எண்ணை எழுதியது. கோப்புக்கு ஒரு லட்சமாக இருந்த தனிச் சொற்கள் மூன்று லட்சம் ஆயின. வடிகட்டியின் அளவோ அமைப்புக் கோப்பில் நிலையாக எழுதப்பட்டிருந்தது. m பிட்டுகள், n சொற்கள், k ஹாஷ்கள் என்றால் பொய் விகிதம் ஏறத்தாழ இது:

```
(1 - e^(-k*n/m))^k
```

k = 7, n/m = 0.3 என்று போட்டால் விடை 40 சதவீதம். எட்டுக் கோப்புகள் திறந்த இடத்தில் நானூறு. சொற்கள் மூன்று மடங்கானதற்கு வீண் வேலை ஐம்பது மடங்கு ஆகிவிட்டது. நிரம்பிய வடிகட்டி தவறான விடை தருவதில்லை, பயனற்றுப்போகிறது, அதுவும் ஓசையில்லாமல். அதனால் 1-களின் விகிதத்தைக் கண்காணிப்புத் திரையில் காட்டுவது கட்டாயம் என்பது என் உறுதியான கருத்து. வடிகட்டியின் அளவை, கோப்பை மூடும்போது தீர்மானிப்பதே சரியான தீர்வு. தனிச் சொற்கள் எத்தனை என்பது அப்போது துல்லியமாகத் தெரியும், ஊகிக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான பழுது ஒன்றும் உண்டு. நான் அதிகம் அஞ்சுவது அதற்குத்தான். எழுதும் பக்கம் சொற்களைச் சிறிய எழுத்தாக்கிச் சேர்த்து, தேடும் பக்கம் அப்படிச் செய்யாமல் விட்டால், `TXN7F` என்பதும் `txn7f` என்பதும் வெவ்வேறு இடங்களில் விழும். வடிகட்டி 'இல்லை' என்று சொல்லும், கோப்பு தாண்டப்படும், தேடல் மின்னல் வேகத்தில் முடியும், இருக்கும் வரி கிடைக்காது. 'இல்லை' என்ற விடை எப்போதும் உண்மை என்ற உறுதி, இரு பக்கமும் ஒரே பைட்டுகளை ஹாஷ் செய்யும்வரைதான். இதைப் பிடிக்க, மூடிய கோப்பின் மூல வரிகளிலிருந்து சில சொற்களை எடுத்து, பயனர் தேடும் அதே பாதையில் அனுப்பிப் பார்க்கிறோம். ஒரு 'இல்லை' வந்தாலும் வெளியீடு நிறுத்தப்படும்.

ஆனால் எல்லா வகைத் தேடலுக்கும் வடிகட்டி உதவிவிடாது. `error` போன்ற சொல் எல்லாக் கோப்பிலும் இருக்கும். வடிகட்டியைக் கேட்பதே வீண். `pay*` போன்ற முன்னொட்டுத் தேடலுக்கு ஹாஷ் செய்ய முழுச் சொல்லே கையில் இல்லை. அவற்றை வடிகட்டிப் பக்கம் விடாமல், நேரடியாக இண்டெக்ஸின் சொற்பட்டியலுக்கே அனுப்புகிறோம்.