ஆரம் 10% கூடினால் பரப்பு 21%: அந்த 1 எங்கிருந்து வருகிறது?

குரூப் 4 தேர்வை முதல் முறை எழுதியபோது 'ஒரு வட்டத்தின் ஆரம் 10% அதிகரிக்கப்பட்டால் அதன் பரப்பளவு எத்தனை சதவீதம் அதிகரிக்கும்?' என்ற கேள்விக்கு 20% என்று கருமையாக்கிவிட்டு வந்தேன். சந்தேகமே வரவில்லை. பரப்பு πr², அதில் r இரண்டு முறை வருகிறது, ஆகவே இரண்டு பத்து இருபது. வெளியே வந்து கேட்டால் எல்லோரும் 21 என்கிறார்கள்.

அப்புறம் பயிற்சி வகுப்பில் சேர்ந்தபோது அங்கே ஒரு சூத்திரம் கொடுத்தார்கள்: a + b + ab/100. இரண்டு இடத்திலும் 10 போட்டால் 10 + 10 + 1 = 21. சரி, விடை வந்துவிட்டது. ஆனால் அந்த ab/100 எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பலன் அடுத்த மாதிரித் தேர்விலேயே தெரிந்தது. 'ஆரம் 10% குறைந்தால்?' என்று கேட்டிருந்தார்கள், நான் 21% குறையும் என்று எழுதினேன். சரியான விடை 19%. சூத்திரத்தில் இரண்டு இடத்திலும் −10 போட்டேன், அதெல்லாம் சரிதான். ஆனால் −10ஐ −10ஆல் பெருக்கினால் +100 வரும் என்பதை அவசரத்தில் மறந்துவிட்டேன். மறந்ததைவிடப் பெரிய பிரச்சினை, 21 என்று வந்தபோது 'இது எப்படி இருக்க முடியும்?' என்று எனக்கு உறுத்தவே இல்லை என்பதுதான்.

உறுத்த வைத்தவர் என் அறையில் கூடத் தங்கியிருந்த அண்ணன். ஐடிஐ முடித்து எலெக்ட்ரீசியனாக வேலை பார்த்துக்கொண்டே அவரும் தேர்வுக்குப் படித்தார். ஒரு நாள் ராத்திரி நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, தன் பையில் இருந்து முக்கால்வாசி தீர்ந்துபோன ஒரு கறுப்பு டேப் சுருளை எடுத்தார். வெளி ஓரத்தில் இருந்து நடு வளையம் வரை கத்தியால் ஒரே வெட்டு. சுருளைப் பிரித்துத் தரையில் வைத்து அழுத்தினார். அத்தனை சுற்றும் ஒன்றன்மேல் ஒன்றாக, சின்னக் கட்டாக மல்லாந்து கிடந்தது. கீழே இருந்த சுற்று நீளம், மேலே போகப் போகக் குட்டை. இரண்டு முனையும் சரிவாக இருந்தது.

"இது என்ன உருவம், தம்பி?" என்றார்.

"சரிவகம்ணே."

"அவ்வளவுதான். நீ இதைச் செவ்வகம்னு நெனச்சுக் கணக்குப் போட்டுட்ட. எல்லாச் சுத்தும் உள்சுத்து நீளம்தான்னு முடிவு பண்ணிட்ட."

அவர் சொன்னதை எண்ணில் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாக இருக்கும். ஆரம் 10 என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 100π. ஆரம் 11 ஆகிறது. பழைய வட்டத்தைச் சுற்றி 1 அலகு அகலத்துக்கு ஒரு வளையம் புதிதாக ஒட்டிக்கொண்டது போலத்தான் இது. கூடுதல் பரப்பு என்பது அந்த வளையம் மட்டும்தான். அதை ஓர் இடத்தில் வெட்டி நிமிர்த்தினால் உள் ஓரத்தின் நீளம் பழைய வட்டத்தின் சுற்றளவு, அதாவது 2π × 10 = 20π. வெளி ஓரத்தின் நீளம் புதிய வட்டத்தின் சுற்றளவு, 22π. அகலம் 1.

எல்லாச் சுற்றும் உள் ஓரத்தின் நீளம்தான் என்று எடுத்தால் வளையத்தின் பரப்பு 20π. என்னுடைய 20% இதுதான். எல்லாமே வெளி ஓரத்தின் நீளம் என்று எடுத்தால் 22π. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சரிவகத்துக்கு இணைப் பக்கங்களின் சராசரியை உயரத்தால் பெருக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே படித்திருக்கிறோம். 20πக்கும் 22πக்கும் சராசரி 21π, அகலம் 1, ஆகப் பரப்பு 21π. பழைய 100πஇல் அது 21%. இது தோராயம் இல்லை, துல்லியமான விடை. 121π-இல் இருந்து 100π-ஐக் கழித்தாலும் அதே 21π.

இதைப் பார்த்த பிறகு குறையும் கணக்கு தானாக விளங்கிவிட்டது. ஆரம் 10-இல் இருந்து 9 ஆனால் வெளியில் இருந்து ஒரு வளையத்தை உரித்தெடுக்கிறோம். அதன் வெளி ஓரம் 20π, உள் ஓரம் 18π, சராசரி 19π. கூட்டும்போது பெரிய சுற்றுகள் சேர்கின்றன, அதனால் 20-ஐத் தாண்டுகிறது. குறைக்கும்போது எடுக்கும் சுற்றுகள் எல்லாம் பழைய சுற்றளவைவிடச் சின்னவை, அதனால் 20-ஐத் தொடாது. இனி எவ்வளவு தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் '21% குறையும்' என்று எழுத எனக்குக் கை வராது.

கூட்டுவட்டி தெரிந்தவர்களுக்கு இந்த 1 பழைய நண்பன்தான். 100 ரூபாய்க்கு 10% வீதம் இரண்டு வருடத்துக்குத் தனிவட்டி 20, கூட்டுவட்டி 21. அந்த ஒரு ரூபாய் முதல் வருட வட்டியான 10 ரூபாய்க்கு இரண்டாம் வருடம் கிடைத்த வட்டி. வட்டிக் கணக்கில் யாரும் அதை விடுவதில்லை. வட்டம் என்று வந்ததும் தனிவட்டி போட்டுவிட்டுப் போய்விடுகிறோம்.

இப்போது தேர்வு அறைக்கு வருவோம். 200 கேள்வி, மூன்று மணி நேரம், ஒரு கேள்விக்கு 54 விநாடிதான் விழுகிறது. இந்தக் கணக்கில் நேரத்தைத் தின்பது 22/7. எனக்கு இது நடந்திருக்கிறது. ஆரம் 7 என்று வைத்துக்கொண்டால் 22/7 வசதியாக அடிபடும் என்று நினைத்து ஆரம்பித்தேன். பழைய பரப்பு 154. புதிய ஆரம் 7.7, பரப்பு 22/7 × 7.7 × 7.7 = 186.34. வித்தியாசம் 32.34. அதை 154ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 21. விடை சரிதான், ஆனால் வினாத்தாள் ஓரம் முழுக்கத் தசமப் பெருக்கல். π இரண்டு பரப்பிலும் ஒரே மாதிரி இருக்கிறது, விகிதம் எடுத்ததும் அடிபட்டுப் போய்விடும். அதைக் கணக்குக்குள் விடவே வேண்டாம். ஆரம் 10, வர்க்கம் 100. ஆரம் 11, வர்க்கம் 121. வேலை முடிந்தது.

சூத்திரம் வேண்டும் என்பவர்களுக்கு: ஆரம் x% கூடினால் பரப்பு 2x + x²/100 சதவீதம் கூடும். குறைந்தால் 2x − x²/100 சதவீதம் குறையும். x சின்னதாக இருக்கும்போது அந்த வால் பொருட்டாகவே தெரியாது. 1% கூடினால் 2.01%. ஆனால் 50% கூடினால் 100 + 25 = 125%, 100% கூடினால், அதாவது ஆரம் இரண்டு மடங்கானால், 300%. இந்தக் கடைசிக் கேள்வியில் 400 என்று போடுகிறவர்கள் நிறைய. பரப்பு நான்கு மடங்கு *ஆகிறது*, அதனால் *கூடியது* மூன்று மடங்கு. நம் கணக்கிலும் இதே பொறி உண்டு: விடைகளில் 121% என்று ஒன்று இருக்கும். புதிய பரப்பு பழையதில் 121%, அதிகரிப்பு 21%. கேள்வியின் கடைசி வார்த்தையை நிதானமாகப் படித்தால் போதும்.

கேள்வியில் ஆரத்துக்குப் பதில் விட்டம் அல்லது சுற்றளவு 10% கூடுகிறது என்று மாற்றிக் கேட்டாலும் குழம்ப வேண்டாம். ஆரம் 10% கூடினால்தான் அவையும் 10% கூடும், விடை அதே 21. 'ஆரம் 10 செ.மீ. அதிகரிக்கிறது' என்று இருந்தால் மட்டும் நில்லுங்கள். அங்கே பழைய ஆரம் தெரியாமல் சதவீதம் சொல்லவே முடியாது.

என்னை இன்னொரு முறை கவிழ்த்தது வேறு மாதிரியான கேள்வி. ஆரத்தை முதலில் 10% கூட்டி, வந்ததை 10% குறைத்தால் பரப்பு என்ன ஆகும்? 21 கூடி 19 குறைகிறது, ஆக 2% கூடும் என்று மளமளவென்று எழுதிவிட்டேன். 19% என்பது எதில் 19% என்று யோசிக்கவில்லை. அது 100-இல் இல்லை, 121-இல். ஆரத்தைப் பிடித்துக்கொண்டு போனால் சிக்கலே இல்லை: 10, 11, அப்புறம் 11-இல் 10% போக 9.9. வர்க்கம் 98.01. பரப்பு கூடவில்லை, 1.99% குறைந்திருக்கிறது. இதே காரணத்தால்தான் பெரிதான வட்டத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவர அதன் பரப்பில் 21% வெட்டினால் அதிகமாக வெட்டியதாகிவிடும். 121-இல் 21 போக வேண்டும், அது சுமார் 17.36%.

தலைகீழாகவும் கேட்பார்கள். பரப்பு 21% கூடினால் ஆரம் எவ்வளவு? 121-இன் வர்க்கமூலம் 11, ஆக 10%. இது சுலபம். பரப்பு 10% கூடினால் ஆரம் எவ்வளவு என்பதில்தான் கை தானாக 5-க்குப் போகும். சோதித்துப் பாருங்கள்: ஆரம் 5% கூடினால் பரப்பு 10 + 0.25 = 10.25%. கொஞ்சம் தாண்டிவிட்டது. ஆகவே விடை 5-ஐவிடச் சற்றுக் குறைவு, 110-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 10.488, அதாவது சுமார் 4.88%. விடைகளில் 5-ம் 4.88-ம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது வர்க்கமூலம் கண்டுபிடிக்க உட்கார வேண்டாம். டேப் சுருளின் வெளிச்சுற்று எப்போதும் உள்சுற்றைவிட நீளம், அதனால் 5 வரவே வராது.