கலாமைப் பற்றிய ஒரு பத்தியைக் கலைக்களஞ்சிய நடைக்குக் கொண்டுவந்த கதை

பள்ளி நூலகங்களுக்காக வெளியாகவிருந்த ஒரு சிறு கலைக்களஞ்சியத் தொகுதியில், ஆளுமைகள் பகுதியைச் செப்பனிடும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. மற்ற பதிவுகளெல்லாம் பெரிய சிக்கலின்றி முடிந்தன. ஏ.பி.ஜெ. அப்துல் கலாமைப் பற்றிய ஒரே ஒரு பத்திதான் வாரக்கணக்கில் இழுத்தடித்தது. இதே வேலையைச் செய்ய முற்படுவோருக்கு உதவட்டும் என்று அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதித் தந்திருந்த அந்தப் பத்தி இவ்வாறு இருந்தது:

"இராமேசுவரத்தில் வறுமையின் மடியில் உதித்த அறிவுச் சூரியன், ஏவுகணை நாயகன், மாமேதை டாக்டர் அப்துல் கலாம் அவர்கள், தன்னந்தனியாக உழைத்து இந்தியாவின் முதல் செயற்கைக்கோளை விண்ணில் பாய்ச்சி உலகையே வியக்க வைத்தார். பொக்ரானில் அணுகுண்டு வெடித்து வல்லரசுகளை நடுங்கச் செய்தார். ஒட்டுமொத்த நாடும் ஒருமனதாக அவரைக் குடியரசுத் தலைவராக்கி அழகு பார்த்தது. அன்னாரின் பிறந்த நாளை உலக மாணவர் தினமாக ஐக்கிய நாடுகள் சபையே அறிவித்துப் பெருமை சேர்த்தது. மாணவர்களிடையே உரையாற்றிக்கொண்டிருந்தபோதே அந்த மாமனிதர் இறைவனடி சேர்ந்தார்."

அடைமொழிகளை நீக்குவது சிறிது நேரத்தில் முடிந்துவிடும் வேலை. சூரியன், மாமேதை, மாமனிதர், அன்னார், அவர்கள் எல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டன. "பிறந்தார்", "பணியாற்றினார்" என்ற மரியாதை விகுதி தமிழில் இயல்பானது என்பதால் அது நின்றது. "ஏவுகணை நாயகன்" என்பதை மட்டும், ஊடகங்கள் அவ்வாறு குறிப்பிடுகின்றன என, சொல்பவர் யார் என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடைமொழிகளை உதிர்த்த பிறகு எஞ்சிய வாக்கியங்கள் நடுநிலையாகத் தோற்றமளித்தனவே தவிர, அவற்றில் பாதி உண்மையாக இல்லை. புகழுரையை வெட்டிவிட்டாலே போதும் என்று நினைத்து அங்கேயே நிறுத்திவிடுவோர் பலர். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

நான் பின்பற்றிய முறை எளியது. பத்தியிலுள்ள ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே ஒரு தாளின் இடப்பக்கத்தில் எழுதி, வலப்பக்கத்தில் அதற்கான முதல்நிலைச் சான்றை எழுதினேன். "முதல்", "ஒரே", "தனியாக", "ஒருமனதாக", "உலகமே" ஆகிய சொற்கள் வருமிடங்களில் சிவப்புக் கோடு இட்டேன். இந்தச் சொற்கள் வருமிடத்தில்தான் தவறு ஒளிந்திருக்கும் என்பது என் அனுபவம். இந்தப் பத்தியும் அதை ஏமாற்றவில்லை.

வறுமையிலிருந்து தொடங்கினேன். கலாம் தாம் நடுத்தரக் குடும்பத்தில் பிறந்ததாகத் தம் தன்வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். தந்தை ஜைனுலாப்தீன் படகு வைத்திருந்தவர். பள்ளிவாசலில் இமாமாகவும் இருந்தவர். சிறு வயதில் கலாம் செய்தித்தாள் விநியோகித்தது உண்மை. ஆகவே "வறுமை", "வசதி" என்ற இரண்டு முத்திரைகளையும் விட்டுவிட்டு, தந்தையின் தொழிலை மட்டும் எழுதினேன். குடும்பத்தின் நிலையை வாசகரே உணர்ந்துகொள்ள அது போதும்.

அடுத்தது செயற்கைக்கோள். இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா. 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ஏவூர்தி ஒன்றில் அது ஏவப்பட்டது. கலாம் திட்ட இயக்குநராக இருந்தது எஸ்.எல்.வி.-3 என்ற ஏவூர்தித் திட்டத்திற்கு. 1980 ஜூலை 18 அன்று அந்த ஏவூர்தி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. இந்திய ஏவூர்தி ஒன்று இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது அதுவே முதல்முறை. "முதல்" என்ற சொல்லுக்கு உரிய இடம் இருக்கத்தான் செய்கிறது; ஆனால் அது செயற்கைக்கோளுக்கு முன்னால் இல்லை. அதே ஏவூர்தியின் முதல் சோதனைப் பயணம் 1979 ஆகஸ்டு 10 அன்று நடைபெற்று, சுற்றுப்பாதையை எட்டாமல் வங்கக் கடலில் முடிந்தது. புகழுரைகள் பெரும்பாலும் விட்டுவிடுகிற இந்த ஆண்டைச் சேர்க்காமல் 1980-ஐ மட்டும் எழுதுவது முழுமையாகாது என்று கருதிச் சேர்த்தேன்.

இங்கேதான் முதல் அலைக்கழிப்பு. இணையதளத்தில் இருப்பது போதாது, அந்தக் காலத்துச் செய்தித்தாள் ஒன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று தொகுப்புக் குழு கேட்டது. பழைய நாளிதழ்களைக் கட்டாகக் கட்டி வைத்திருக்கும் ஒரு நூலகத்திற்குப் பேருந்து பிடித்துப் போனால், அந்த அறையின் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். அடுத்த முறை சாவி இருந்தது. நிறுவனத்தின் கடிதம் இல்லாமல் கட்டைத் தொட முடியாது என்று முகப்பில் இருந்தவர் தலை நிமிராமலே சொன்னார். முதல் முறையே அதைச் சொல்லியிருக்கலாம். கடிதத்தோடு போன பிறகு, 1979-ஆம் ஆண்டின் இரண்டாம் பாதிக் கட்டு பைண்டிங் செய்யப் போயிருப்பதாகத் தெரிந்தது. கடைசியில் வேறொரு கல்லூரி நூலகத்தில், மடித்த இடங்களில் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்த தாள்களில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். இப்படிப் போக நேர்வோர் முன்கூட்டியே தொலைபேசியில், குறிப்பிட்ட ஆண்டு, மாதத்தின் கட்டு அலமாரியில் இருக்கிறதா என்று கேட்டு, கடிதத்தையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

"தன்னந்தனியாக" என்பதற்குச் சான்று தேடவே வேண்டியிருக்கவில்லை. திட்ட இயக்குநர் என்ற பதவியே அவருக்குக் கீழ் பலர் பணிபுரிந்ததைக் காட்டுகிறது. பொக்ரானுக்கும் அதே கதைதான்: 1998 மே 11, 13 ஆகிய நாள்களில் நடந்த சோதனைகளை அணுசக்தித் துறையும், கலாம் தலைமை வகித்த பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பும் இணைந்து நடத்தின. வல்லரசுகள் நடுங்கினவா என்பது சரிபார்க்கக்கூடிய செய்தி அன்று. அவ்வரியை முழுவதுமாக நீக்கினேன்.

"ஒருமனதாக" என்ற சொல் எளிதில் உடைந்தது. 2002 தேர்தலில் இடதுசாரிக் கட்சிகள் இந்திய தேசிய ராணுவத்தின் லட்சுமி சாகலை நிறுத்தின. வாக்கு மதிப்பில் கலாம் 9,22,884-உம் சாகல் 1,07,366-உம் பெற்றனர். ஆளும் கூட்டணியோடு காங்கிரசும் ஆதரித்ததால் வந்த பெருவெற்றி இது. இந்த இரண்டு எண்களும் "நாடே அழகு பார்த்தது" என்பதைவிடக் கலாமுக்குக் கூடுதல் பெருமை சேர்ப்பவை என்றே நான் நினைக்கிறேன்.

மிகக் கடினமாக அமைந்தது உலக மாணவர் தினம். பாடக் குறிப்புகளிலும் வாழ்த்துச் செய்திகளிலும் நாளிதழ்களிலும் ஆண்டுதோறும் இந்தக் கூற்று வருகிறது. அத்தனையும் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியவை. ஒரே வாக்கியம் பத்து இடங்களில் அப்படியே இருந்தால் அதைப் பத்துச் சான்றாக எண்ணக் கூடாது. அறிவித்தவர் என்று சொல்லப்படுபவரிடமே போக வேண்டும் என்பதால், ஐ.நா. வெளியிடும் பன்னாட்டு நாள்களின் பட்டியலைப் பார்த்தேன். அக்டோபர் 15-க்கு நேரே இருப்பது ஊரகப் பெண்களுக்கான பன்னாட்டு நாள். மாணவர் தினம் அந்த நாளில் இல்லை. ஆனால் அந்தப் பிறந்த நாளுக்கு அரசு அறிவிப்பு ஒன்று உண்மையாகவே உண்டு: கலாமின் மறைவையடுத்து 2015-இல் தமிழ்நாடு அரசு அந்த நாளை இளைஞர் எழுச்சி நாளாக அறிவித்தது. பொய்யான வரியை நீக்கிவிட்டு வெற்றிடம் விடாமல், அதே இடத்தில் உண்மையான வரி ஒன்றை வைக்க முடிந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. திருத்திய பத்தியைக் கண்ட ஆசிரியர் மிகவும் மனம் வருந்தினார். "கலாம் ஐயாவைச் சிறுமைப்படுத்திவிட்டீர்களே, தம்பி" என்று தொலைபேசியில் சொன்னார்; குழுவின் மேற்பார்வையாளரும் அவர் பக்கம் சாய்ந்து, ஐ.நா. வரியை மட்டுமாவது திரும்பச் சேருங்கள், எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறார்கள் என்றார். மின்னஞ்சலில் வாதாடுவதை நிறுத்திவிட்டு, அந்த இருபக்கத் தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரின் வீட்டிற்கே சென்றேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். நடுத்தரக் குடும்பம் என்ற இடத்தில் நின்று, உள்ளே போய்த் தம்மிடமிருந்த தன்வரலாற்றை எடுத்து வந்து முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தார். பிறகு, "அவரே எழுதியதை நான் எப்படி மறுப்பேன் தம்பி" என்றார். ஐ.நா. பட்டியலை அவருடைய பேரனே கைப்பேசியில் தேடிக் காட்டினான்.

ஆசிரியர் கேட்ட ஒரு திருத்தம் நியாயமானது. நான் "இறந்தார்" என்று மட்டும் எழுதியிருந்தேன். இடத்தையும் சூழலையும் சேர்க்கச் சொன்னார். உரையாற்றியபோது சரிந்து விழுந்ததும், பிறகு மருத்துவமனையில் இறந்ததாக அறிவிக்கப்பட்டதும் செய்திகளில் பதிவானவை என்பதால் சேர்த்தேன். அச்சுக்குப் போன பத்தி இது:

"ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் (15 அக்டோபர் 1931 – 27 ஜூலை 2015) இந்திய அறிவியலாளர். 2002 முதல் 2007 வரை இந்தியாவின் 11-ஆவது குடியரசுத் தலைவர். இராமேசுவரத்தில், படகு உரிமையாளரும் பள்ளிவாசல் இமாமுமான ஜைனுலாப்தீனின் மகனாகப் பிறந்தார். எஸ்.எல்.வி.-3 ஏவூர்தியின் திட்ட இயக்குநராகப் பணியாற்றினார். 1979-இல் அதன் முதல் சோதனைப் பயணம் சுற்றுப்பாதையை எட்டவில்லை. 1980-இல் அது ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. 1983-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணை மேம்பாட்டுத் திட்டத்திற்குத் தலைமை வகித்தார். ஊடகங்கள் அவரை ஏவுகணை நாயகன் எனக் குறிப்பிடுகின்றன. 1998 பொக்ரான் அணுச் சோதனைகளை அணுசக்தித் துறையுடன் இணைந்து நடத்திய பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் தலைவராக இருந்தார். 1997-இல் பாரத ரத்னா பெற்றார். 2002 தேர்தலில் லட்சுமி சாகலைத் தோற்கடித்தார். ஷில்லாங்கில் இந்திய மேலாண்மைக் கழக மாணவர்களிடையே உரையாற்றியபோது சரிந்து விழுந்தார்; மருத்துவமனையில் அவர் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. அவரது பிறந்த நாளைத் தமிழ்நாடு அரசு இளைஞர் எழுச்சி நாளாக அறிவித்துள்ளது."

வாக்கு எண்ணிக்கையை இடமின்மையால் குழு நீக்கிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை, அடுத்த பதிப்பில் சேர்க்கக் கேட்டு எழுதியிருக்கிறேன். ஆசிரியர் இப்போது அதே தொகுதிக்குத் தாம் எழுதித் தந்த மற்ற பதிவுகளையும் திரும்ப வாங்கிச் சென்றிருக்கிறார். அவற்றில் "முதல்" என்ற சொல் வரும் இடங்களில் தாமே சிவப்புக் கோடு போட்டுத் தருவதாகச் சொன்னார்.