சத்தம் முதலிலா, பேச்சு முதலிலா: ஒரு காமிக்ஸ் பக்கத்தை எழுத்தாக்குவது

புதுச்சேரியில் நாங்கள் சிலர் சேர்ந்து காமிக்ஸ் பக்கங்களை வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றி வருகிறோம். பார்வையற்ற வாசகர்கள் திரைவாசிப்பான் வழியாகக் கேட்பதற்காக இந்த வேலை. பக்கத்தைக் கண்ணால் படிப்பவர் ஒரு பேச்சு பலூனைத் தவறாக முன்கூட்டிப் படித்துவிட்டாலும் பார்வையைத் திருப்பித் தானே சரிசெய்துகொள்வார். கேட்பவருக்குக் கிடைப்பது ஒற்றை வரிசைதான். பதில் முன்னாலும் கேள்வி பின்னாலும் வந்துவிட்டால் அந்தப் பக்கமே கலைந்துபோகும். அதனால் தட்டச்சுக்கு ஆகும் நேரத்தைவிட, எது முதலில் என்று முடிவு செய்யத்தான் அதிக நேரம் ஆகிறது.

புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் காட்ட ஒரு பக்கத்தை நாங்களே வரைந்து வைத்திருக்கிறோம். பிசகு நடக்கக்கூடிய இடங்களை வேண்டுமென்றே அதில் போட்டிருக்கிறோம். 2011-இல் வந்த 'தானே' புயல் கரையேறுவதற்கு முந்தைய இரவு, கடலூர் முதுநகரில் கோவிந்தன், செல்வம் என்ற இருவர் ஒரு ஃபைபர் படகைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஐந்து கட்டங்கள். மேலே பக்க அகலம் முழுக்க ஒன்று. நடுவில் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சின்னக் கட்டங்கள், அவற்றுக்கு வலப்பக்கம் அந்த இரண்டின் உயரத்துக்கு ஒரே நீளக் கட்டம். கீழே மறுபடி அகலமாக ஒன்று.

முதலில் பலூன்களைத் தொடவே கூடாது. கட்டங்களுக்கு எண் போட வேண்டும். ஜெராக்ஸ் எடுத்து அதன்மேல் பென்சிலால் செய்வது நல்லது. ஒரு ஸ்கேலைப் படுக்கை வாக்கில் வைத்து, கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளிகளில் எது இட ஓரத்திலிருந்து வல ஓரம் வரை தடையில்லாமல் ஓடுகிறது என்று பாருங்கள். எங்கள் பக்கத்தில் அப்படி இரண்டு ஓடுகின்றன. பக்கம் மூன்று அடுக்காகப் பிரிகிறது. சின்னக் கட்டங்கள் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வலப்பக்க நீளக் கட்டத்தில் போய் முட்டி நின்றுவிடுகிறது, ஆகவே அது அடுக்கைப் பிரிக்காது. இப்போது நடு அடுக்கை மட்டும் எடுத்து ஸ்கேலை நிமிர்த்தி வையுங்கள். மேலிருந்து கீழ்வரை ஓடும் இடைவெளி ஒன்று இருக்கிறது. அதற்கு இடப்பக்கம் உள்ளதை முழுக்க முடித்த பிறகுதான் வலப்பக்கம் போக வேண்டும். ஆகவே மேல் சின்னது 2, கீழ்ச் சின்னது 3, நீளமானது 4. பழக்கமில்லாத கை இங்கே மேல் சின்னதிலிருந்து நேரே வலப்பக்கம் தாவி நீளக் கட்டத்துக்கு 3 போட்டுவிடும். நோட்டில் எழுதியதைப் படிக்கிற மாதிரி வரிவரியாகப் போகிற பழக்கம்தான் காரணம். முட்டி நிற்கும் இடைவெளி கண்ணில் பட்டால் கீழே இறங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்ட எண் முடிந்த பிறகு உள்ளே. கட்டம் 2-இல் மூன்று பலூன்கள். கோவிந்தன் வலப்பக்கம் நிற்கிறார். அவருடைய முதல் பலூன் வலது மேல் மூலையில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய கழுத்து இறங்கி, வலது கீழே இருக்கும் இரண்டாம் பலூனோடு சேர்கிறது. செல்வத்தின் பலூன் இடப்பக்கம், உயரத்தில் அந்த இரண்டுக்கும் நடுவில். இடமிருந்து வலம் என்ற விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் செல்வத்தின் "எதுலண்ணே கட்டுறது?" முதலில் வந்துவிடும். நாங்கள் பார்ப்பது உயரத்தை. இரண்டு பலூன்கள் ஏறக்குறைய ஒரே உயரத்தில், பாதிக்குமேல் பக்கத்தில் பக்கமாக இருந்தால் அவை ஒரே வரி, இடப்பக்கத்தது முதலில். பாதிக்கும் குறைவாகத்தான் ஒன்றையொன்று எட்டுகின்றன என்றால் மேலே இருப்பது முதலில். இங்கே கோவிந்தனின் முதல் பலூன் முடிகிற இடத்தில்தான் செல்வத்தின் பலூன் தொடங்குகிறது. ஆகவே மேல், நடு, கீழ் என்று போக வேண்டும்.

இதே கட்டத்தில் இன்னொரு பிசகும் நடக்கும். கழுத்தால் இணைந்த இரண்டு பலூன்களும் ஒருவர் பேசியவைதானே என்று சேர்த்து ஒரே வரியாக்கிவிடுவது. அப்படிச் செய்தால் "இன்னொரு சுத்து போடுடா. அந்தக் கம்பத்துல." என்று வந்து, அதற்குப் பிறகு செல்வம் எதில் கட்டுவது என்று கேட்பார். காது கேளாதவன் மாதிரி ஆகிவிடும் பாவம். கழுத்து சொல்வது பேசுபவர் ஒருவர்தான் என்பதை மட்டுமே. இடையில் இன்னொருவர் பேச இடம் விட்டுத்தான் எழுத்துப் போடுபவர் அதை இரண்டாகப் பிரித்திருக்கிறார்.

கட்டம் 3-தான் எங்களுக்குள்ளேயே அதிகம் சண்டை நடந்த இடம். இடது மேல் மூலையில் செல்வத்தின் பலூன்: "அண்ணே, என்னது அது?" வலது கீழே பெரிய எழுத்தில் "பட்டார்", அதன் கடைசி எழுத்து இடைவெளியைத் தாண்டி நீளக் கட்டத்துக்குள் போய்விடுகிறது. இடத்தை வைத்துப் பார்த்தால் பேச்சு முதலில், சத்தம் பிறகு. ஆனால் செல்வம் கேட்பது அந்தச் சத்தத்தைப் பற்றி. ஒலிச்சொல் பலூனைப் போல அல்ல. அது எங்கிருந்து சத்தம் வருகிறதோ அங்கே வரையப்படும், கயிறு அறுந்த இடம் கீழே என்றால் எழுத்தும் கீழேதான் இருக்கும். படிப்பவரின் கண் பெரிய எழுத்தை எப்படியும் முதலிலேயே பார்த்துவிடும் என்று ஓவியருக்குத் தெரியும். கேட்பவருக்கு அந்த முதல் பார்வையை நாம்தான் கொடுக்க வேண்டும். எனவே யாராவது ஒரு சத்தத்துக்குத் திடுக்கிடுகிறார், திரும்புகிறார், அதைப் பற்றிக் கேட்கிறார் என்றால் சத்தம் முன்னால். யாராவது செய்யும் செயலால் சத்தம் வருகிறது, அதைச் செய்யப்போவதாக அவரே பலூனில் சொல்கிறார் என்றால் பேச்சு முன்னால். இரண்டும் இல்லை என்றால்தான் இடத்தை வைத்து முடிவு.

எல்லை தாண்டும் சத்தத்தை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது? முதல் எழுத்து எந்தக் கட்டத்தில் தொடங்குகிறதோ அதில், ஒரே ஒரு முறை. இரண்டு கட்டத்திலும் எழுதினால் கயிறு இரண்டு முறை அறுந்ததாகிவிடும்.

காற்றின் "ஊஊஊ" இந்த வகையில் சேராது. கட்டம் 1-இல் அது வானம் முழுக்க நீண்டு கிடக்கிறது, தொடர்ந்து கேட்கும் சத்தம். இதை இடம், நேரம் சொல்லும் விவரிப்புப் பெட்டிக்கு அடுத்து, பேச்சுக்கு முன் வைக்கிறோம். பிறகு ஒரு கட்டத்தில் அச்சாகியிருந்தால் மட்டும் மறுபடி எழுத வேண்டும். கதைப்படி காற்று இன்னும் அடிக்கிறதே என்று நாமாகச் சேர்க்கக் கூடாது.

விவரிப்புப் பெட்டி என்றாலே கட்டத்தின் தலையில் எழுதும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. கட்டம் 4-இல் படகு அலையில் நழுவிப் போகிறது, மேலே கட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் குரல், "கயிறு போச்சுடா! ஓடு!" பலூனின் வால் யாரையும் தொடாமல் கட்டத்தின் ஓரத்தில் போய் முடிகிறது. பேசுவது கோவிந்தன் என்பது வார்த்தையிலிருந்து தெரிகிறது. பெயருடன் 'வெளியிலிருந்து' என்று குறிக்கிறோம். கட்டத்தின் அடியில் ஒரு பெட்டி: "அந்தக் கயிறு நேற்றுதான் வாங்கியது." இதைத் தூக்கி மேலே வைத்தால் கயிறு போன செய்தியே வருவதற்கு முன் அந்தக் குத்தல் வந்து வீணாகும். அடியில் இருக்கும் பெட்டி அடியிலேயே இருக்கட்டும்.

முடித்த பக்கம் இப்படி இருக்கும்:

```
கட்டம் 1
[விவரிப்பு] டிசம்பர் 29, 2011. இரவு. கடலூர் முதுநகர்.
[ஒலி: காற்று] ஊஊஊ
செல்வம்: அண்ணே, கயிறு தாங்காது!
கட்டம் 2
கோவிந்தன்: இன்னொரு சுத்து போடுடா.
செல்வம்: எதுலண்ணே கட்டுறது?
கோவிந்தன்: அந்தக் கம்பத்துல.
கட்டம் 3
[ஒலி: கயிறு] பட்டார்
செல்வம்: அண்ணே, என்னது அது?
கட்டம் 4
கோவிந்தன் (வெளியிலிருந்து): கயிறு போச்சுடா! ஓடு!
[விவரிப்பு] அந்தக் கயிறு நேற்றுதான் வாங்கியது.
கட்டம் 5
[பலகை] ஐஸ் ஃபேக்டரி
[ஒலி: காற்று] ஊஊ
அம்மா (ஃபோனில்): எங்கடா இருக்க?
செல்வம்: (மௌனம்)
```

ஒலிச்சொல்லுக்குப் பக்கத்தில் எதன் சத்தம் என்று ஒரே வார்த்தை போதும். "பட்டார்" கயிறா, கதவா, மண்டையா என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? ஃபிரெஞ்சு காமிக்ஸ் ஆல்பங்களில் இது இன்னும் அவசியம். எங்கள் ஊரில் அவை கைக்குக் கிடைக்கும். அவற்றில் கதவு அறைவது 'வ்லான்', கதவைத் தட்டுவது 'தோக் தோக்'. ஒலிச்சொல் படத்தோடு சேர்த்து வரையப்பட்டது என்பதால் தமிழாக்கத்தில் பலூன் மட்டும் மாறி, ஒலி பழைய எழுத்திலேயே நின்றுவிடுவது உண்டு. அச்சில் உள்ளபடியே ஒலித்து எழுதி, எதன் சத்தம் என்பதைச் சேர்த்தால் போதும். 'தடார்' என்று நாமே மாற்ற வேண்டியதில்லை. ஃபிரெஞ்சுப் பக்கங்களும் இடமிருந்து வலம்தான் என்பதால் வரிசையில் தொல்லையில்லை. ஜப்பானிய மங்காவை எடுத்தால் மட்டும், கட்டமும் பலூனும் வலமிருந்து இடம் என்பதால், மேலே சொன்ன ஸ்கேல் வேலையை அப்படியே கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிச் செய்ய வேண்டும். பலூனுக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பு இடமிருந்து வலமாக ஓடுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. புத்தகத்தின் முதுகு அட்டைப்படத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வலப்பக்கம் இருந்தால் வலமிருந்துதான் தொடங்க வேண்டும்.

சரிபார்க்க இரண்டு வேலைகள். ஒன்று எண்ணிக்கை: பக்கத்தில் எட்டு பலூன், இரண்டு பெட்டி, மூன்று ஒலி, ஒரு பலகை, ஆக 14. கட்ட எண் வரிகளை விட்டுவிட்டுக் கோப்பில் எண்ணினாலும் 14 வர வேண்டும். 13 வந்தால் பெரும்பாலும் விட்டுப்போனது சின்ன எழுத்து ஒலியோ பின்னணியில் இருக்கும் பலகையோதான். 15 வந்தால் எல்லை தாண்டிய சத்தம் இரண்டு முறை விழுந்திருக்கும்.

மற்றது, பக்கத்தைப் பார்க்காத ஒருவர் கோப்பை உரக்கப் படிப்பது. படத்தை அறிந்தவர் படித்தால் தவறு தெரியாது, மூளை தானே ஒட்டுப்போட்டுவிடும். கடைசிப் பலூன் அப்படித்தான் சிக்கியது. அதில் இருந்தது மூன்று புள்ளி மட்டும், நாங்களும் மூன்று புள்ளிதான் போட்டிருந்தோம். வாய்விட்டுப் படித்தவர் செல்வம் என்ற பெயரைச் சொல்லிவிட்டு நின்று, வரி பாதியில் அறுந்திருக்கிறதா என்று கேட்டார். திரைவாசிப்பானும் நிறுத்தக்குறி அமைப்பைப் பொறுத்து அந்தப் புள்ளிகளை விழுங்கிவிடும். அதன் பிறகுதான் அடைப்புக்குறிக்குள் மௌனம் என்று எழுத ஆரம்பித்தோம்.