அதிபருக்கு எழுதிய பாதீட்டுக் கடிதம்

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது எதை எழுதுவது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. பரிசளிப்பு விழா, நாடகம், விடுதிக் குறும்புகள் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். எங்கள் பாடசாலைக் கணினிக் கழகம் அதிபருக்கு எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை. கழகத்தில் கையெழுத்து ஓரளவு திருத்தமாக இருந்தவன் நான் என்பதால் அதன் எல்லாப் பிரதிகளும் என் கையால் எழுதப்பட்டவை.

விசயம் இதுதான். மெய்வல்லுநர் போட்டியைக் காணொளியில் பதிவு செய்து அதிலிருந்து தரவு எடுத்து ஆராய வேண்டும், அதற்குக் கழகத்துக்குச் சிறிய தொகை ஒன்று வேண்டும். செயலாளர் சொல்லச் சொல்ல எழுதிய முதல் கடிதத்தில் நல்ல கமரா, பெரிய வன்தட்டு, படத்தொகுப்பு மென்பொருள் என்று பட்டியல் நீண்டது. "நவீன தொழில்நுட்ப யுகத்தில்" என்று தொடங்கியது அது. பொறுப்பாசிரியர் ஊடாகப் போன கடிதம் அதே வழியில் திரும்பி வந்தது. ஓரத்தில் அதிபர் பென்சிலால் மூன்று கேள்விகள் எழுதியிருந்தார். எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்? பிள்ளைகளின் படங்கள் யார் கையில் இருக்கும்? போட்டி முடிவு மாறுமா?

கோபம் வந்தது என்னவோ உண்மைதான். ஆனால் முதல் கேள்விக்கு எங்கள் எவரிடமும் ஒற்றை வரியில் பதில் இல்லை. பொறுப்பாசிரியர்தான் முந்தைய ஆண்டின் முடிவுத் தாள்களை எடுத்துவந்து மேசையில் போட்டார். "இதில் ஏதாவது விசித்திரமாக இருக்கிறதா, பாருங்கள்" என்றார். 100 மீற்றர் ஓட்டம் ஒன்றில் இரண்டாம் இடத்துக்கு வந்தவரின் நேரத்தைவிட மூன்றாம் இடத்துக்கு வந்தவரின் நேரம் குறைவாக இருந்தது. பின்னால் வந்தவர் வேகமாக ஓடியிருக்கிறார்! தட்டச்சுப் பிழை என்று யாரோ சொன்னார்கள். வேறு ஓட்டங்களிலும் அதே மாதிரி இருந்ததால் அந்த விளக்கம் எடுபடவில்லை.

கேள்வி கிடைத்துவிட்டது. இரண்டாம் கடிதத்தின் முதல் வரி இப்படி அமைந்தது: "கையால் எடுக்கப்படும் நேரங்கள் ஓடியவர்கள் வந்த ஒழுங்கோடு சில ஓட்டங்களில் ஒத்துப்போகவில்லை. அதன் காரணத்தை முடிவுக் கோட்டுக் காணொளியிலிருந்து கண்டறிய விரும்புகிறோம்."

கேள்வி சுருங்கியதும் செலவும் தானாகச் சுருங்கியது. ஒரு மாணவரின் தந்தையிடம் கமரா இருந்தது, ஒரு நாளைக்கு இரவல் தரச் சம்மதித்தார். அது செக்கனுக்கு 50 பிரேம் எடுக்கும், செக்கனுக்கு 28 மெகாபிட் அளவில் சேமிக்கும். அதாவது ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 12.6 ஜிபி. நாள் முழுவதும், எட்டு மணி நேரம் எடுத்தால் 100 ஜிபி ஆகிவிடும். முதல் கடிதத்தில் பெரிய வன்தட்டு கேட்டதற்கு அதுதான் காரணம். ஆனால் எங்களுக்கு வேண்டியது வெடிச் சத்தத்துக்குச் சற்று முன்பிருந்து கடைசி ஆள் கோட்டைத் தாண்டும் வரைதான். ஓட்டம் ஒன்றுக்கு 40 செக்கன், 60 ஓட்டம் என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 40 நிமிடம், எட்டரை ஜிபிக்கும் குறைவு. ஆக 32 ஜிபி மெமரி காட் ஒன்று, பிரதி வைக்க அதே அளவு பென் டிரைவ் ஒன்று, ஆடாமல் நிற்கும் முக்காலி ஒன்று. பட்டியல் முடிந்தது. பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்க்கும் இலவச மென்பொருள்கள் இருந்ததால் மென்பொருள் செலவை அடித்துவிட்டோம். கைபேசியே போதாதா என்று பொருளாளர் கேட்டார், காசைப் பிடித்துவைப்பதுதானே அவர் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் நிறுத்தற்கடிகாரத்தைக் கைபேசியால் ஒரு நிமிடம் படமெடுத்துப் பிரேம்களை எண்ணினோம். வெளிச்சம் குறைந்த இடத்தில் அது பிரேம்களைச் சீரான இடைவெளியில் எடுக்கவில்லை. கமராவோ 60 செக்கனுக்குச் சரியாக 3000 பிரேம் தந்தது. இந்தச் சோதனையையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்தோம். ஒரு பொருள் ஏன் வேண்டும் என்பதற்கு இரண்டு பந்தி விளக்கம் எழுதுவதைவிட அந்த ஒரு வரி கனமாக இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. படங்கள் பொறுப்பாசிரியரின் அலுமாரியில் இருக்கும், கணினி அறையில் மட்டும் பார்க்கப்படும், எவருக்கும் பிரதி தரப்படாது, அறிக்கை கொடுத்த பின் அவர் முன்னிலையில் அழிக்கப்படும், அறிக்கையில் பெயருக்குப் பதில் ஓடுபாதை எண் மட்டும் வரும் என்று எழுதினோம். படமெடுக்கப்படுவதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே அறிவிப்பதாகவும், விரும்பாதவர் ஓடும் ஓட்டத்தைப் பதிவு செய்யாமல் விடுவதாகவும் சேர்த்தோம். மூன்றாம் கேள்விக்கு ஒரே வரி: "இந்த ஆய்வால் எந்த முடிவும், இடமும், புள்ளியும் மாற்றப்படக் கேட்கமாட்டோம்." விளையாட்டுப் பொறுப்பாசிரியர் அந்த வரியைப் படித்த பிறகுதான் எங்களை மைதானத்துக்குள் விட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். இல்லங்களுக்கிடையே புள்ளி எண்ணுகிற நாளில் கமராவோடு நிற்பவனை யார்தான் விரும்புவார்?

அதிபர் கையெழுத்திட்டார். கேட்ட தொகையில் ஒரு சதமும் குறைக்கவில்லை. "பற்றுச்சீட்டும் மீதியும்" என்று மட்டும் பென்சிலால் எழுதியிருந்தார்.

போட்டியன்று பெரிய வேலை, கமராவை வைக்கும் இடம்தான். அது முடிவுக் கோட்டின் நேர் நீட்சியில் நிற்கவேண்டும். எட்டு ஓடுபாதைகள், ஒவ்வொன்றும் 1.22 மீற்றர் அகலம், மொத்தம் பத்து மீற்றருக்குச் சற்றுக் குறைவு. கிட்டிய ஓரத்திலிருந்து 10 மீற்றர் தள்ளி நிற்கும் கமரா கோட்டிலிருந்து அரை மீற்றர் விலகினால், தூரத்து ஓடுபாதையில் பார்வைக்கோடு அதே அரை மீற்றர் மறுபக்கம் போய்விடும். செக்கனுக்கு எட்டு மீற்றர் வேகத்தில் வருபவர் ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையில் 16 சென்ரிமீற்றர் நகர்கிறார், ஆகவே அரை மீற்றர் என்பது மூன்று பிரேம் பிழை. இதைத் தவிர்க்கக் கோட்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கம்பு நட்டோம். கமராவில் பார்க்கும்போது கிட்டக் கம்பு தூரக் கம்பை முழுதாக மறைக்கவேண்டும். கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் முக்காலியை நகர்த்தவேண்டும். மதியத்துக்குப் பின் யாரோ முக்காலியில் இடித்துவிட்டதைக்கூட அந்தக் கம்புகள்தான் காட்டிக்கொடுத்தன. இன்னொன்று, கமராவின் ஷட்டரை 1/500 செக்கனில் வைத்தோம். தானியங்கியில் விட்டால் ஓடுபவரின் நெஞ்சு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத அளவுக்குப் படம் கலங்கிவிடும். கோட்டைத் தாண்டுவது தலையோ கையோ அல்ல, நெஞ்சும் வயிறும் சேர்ந்த உடற்பகுதி. விதி அப்படி.

சரி, முடிவில் நிற்கும் கமராவுக்குத் தொடக்கம் எப்படித் தெரியும்? வெடிச் சத்தம் ஒலிப்பதிவில் விழும். ஆனால் 100 மீற்றருக்கு அப்பாலிருந்து வருவதற்கு அதற்கு 0.29 செக்கன் பிடிக்கிறது, ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 346 மீற்றர்தானே போகிறது. ஆகவே ஒலியிலிருந்து எண்ணிய நேரத்தோடு 0.29 கூட்டவேண்டும். கமராவின் ஒலியும் படமும் ஒன்றாகத்தான் பதிவாகின்றனவா என்று முன்னால் நின்று கை தட்டிச் சரிபார்த்துக்கொண்டோம்.

எங்கள் நேரம், அந்த ஆண்டும் 100 மீற்றர் ஓட்டம் ஒன்றில் அதே விசித்திரம் நடந்தது. முடிவுத் தாளில் முதலிடம் 13.2, இரண்டாமிடம் 13.4, மூன்றாமிடம் 13.3. காணொளியில் வெடி 112ஆம் பிரேமில் கேட்டது. முதலாமவரின் நெஞ்சு 768இல் கோட்டைத் தொட்டது. இடையில் 656 பிரேம், 50ஆல் வகுத்தால் 13.12, ஒலியின் தாமதத்தைக் கூட்டினால் 13.41 செக்கன். இரண்டாமவர் 779இல், அதாவது 13.63. மூன்றாமவர் 786இல், 13.77.

முதல் இரண்டு பேருக்கும் கைநேரம் காணொளியைவிட 0.2 செக்கன் அளவு குறைந்திருந்தது. இது வழக்கமான இடைவெளிதான். தொடக்க வெடியின் புகையைக் கண்டு நேரக்கணிப்பாளரின் விரல் கடிகாரத்தை அழுத்துவதற்குள் அவ்வளவு நேரம் போய்விடுகிறது, முடிவிலோ ஆள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் தாமதம் இல்லை. குறுந்தூர ஓட்டங்களின் கைநேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 செக்கன் கூட்டும் வழக்கம் மெய்வல்லுநர் உலகில் உண்டு. ஆனால் மூன்றாமவருக்கு வித்தியாசம் கிட்டத்தட்ட அரை செக்கன். 0.2ஐக் கழித்தால் மீதி 0.29க்கு மிகக் கிட்ட வந்து நின்றது. அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதியபோது எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மூன்றாமிடத்தின் நேரக்கணிப்பாளர் புகையைப் பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்டு அழுத்தியிருக்கிறார்.

அப்படியானால் முதலிடத்தில் ஏன் இந்தப் பிழை தலைகாட்டவில்லை? அங்கே மூன்று கடிகாரங்கள். அவற்றைக் குறித்த தாளைத் தேடி எடுத்தோம்: 13.3, 13.2, 12.9. அங்கேயும் ஒருவர் சத்தத்துக்குத்தான் அழுத்தியிருக்கிறார்! மூன்றும் வேறுபட்டால் நடுவிலுள்ளதை எடுக்கவேண்டும் என்ற விதி அவரை ஒதுக்கிவிட்டது. இரண்டாமிடத்துக்கு இரண்டு கடிகாரங்கள், அதில் கூடிய நேரம்தான் கணக்கு. மூன்றாமிடத்துக்கு ஒரே ஒரு கடிகாரம், பிழையை மறைக்க அதற்குத் துணையில்லை.

இந்த முறையால் எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது. ஒரு பிரேம் 0.02 செக்கன், அதற்குள் வந்த இருவரை எங்கள் காணொளியால் பிரிக்க முடியவில்லை. அப்படி இரு ஓட்டங்களை "தீர்மானிக்க முடியாது" என்றே அறிக்கையில் எழுதினோம். செயலாளருக்கு அது பிடிக்கவில்லை, ஏதாவது சொல்லியாகவேண்டும் என்றார். பொறுப்பாசிரியர் விடவில்லை.

அறிக்கையோடு பற்றுச்சீட்டுகளும் மீதிப் பணமும் அதிபரிடம் போயின. அடுத்த ஆண்டு நேரக்கணிப்பாளர்களை முன்னாளே மைதானத்துக்கு அழைத்து, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு புகைக்கு மட்டும் கடிகாரத்தை அழுத்தப் பழக்கினார் விளையாட்டுப் பொறுப்பாசிரியர். பஞ்சு அவருடைய யோசனை. எங்கள் பரிந்துரையில் அது இல்லை, இருந்திருக்கவேண்டும்.

காணொளிகள் கடிதத்தில் எழுதியபடியே அழிக்கப்பட்டன. பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் அந்த ஆண்டு ஓடியவர்கள் யாராவது வந்து, "அந்தப் படம் உங்களிடம் இருக்குமே, ஒரு பிரதி கிடைக்காதா" என்று இப்போதும் கேட்கிறார்கள். இல்லை ஐயா. 786ஆம் பிரேமில் வந்தவரும் கேட்டுவிட்டார்.